கோலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு: ஓய்வு பெறும் கோல் காப்பாளரின் விடைபெறும் உரை

கேள்வி: எங்கட அண்ணா பரந்தன் பக்கத்துக் கழகம் ஒண்டில 2006 இல இருந்து கோல் காப்பாளர். 36 வயசாச்சு, முழங்காலும் சரியில்லை. வாற மாசம் எங்கட மைதானத்தில நடக்கிற சுற்றுப்போட்டியோட ஓய்வு எண்டு முடிவெடுத்திட்டார். ஆதரவாளருக்கு மைதானத்தில கதைக்கவும், வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனத்துக்குப் பேஸ்புக்கில போடவும் எழுதித் தரச் சொல்றார். நான் எழுதினதை வாசிச்சிட்டு "வரவேற்புரை மாதிரிக் கிடக்கு" எண்டுறார். எப்பிடித் தொடங்கிறது, எவ்வளவு நீளம், ஆரைச் சொல்லிறது, எதை விடுறது?

பதில்:

அண்ணா சரியாகத்தான் பிடித்திருக்கிறார். எங்கள் பக்கத்து மேடைப் பேச்சுகள் "தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே" என்று தொடங்கும். அந்த வரிசை முடியவே ஒரு நிமிடம் போய்விடும். இந்தப் பேச்சோ கதிரையில் இருப்பவர்களுக்கு உரியது அல்ல. கயிற்றுக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு உரியது. ஆகவே முதல் வசனத்திலேயே அவர்கள் வரவேண்டும். விருந்தினர்களை அறிவிப்பாளர் ஏற்கெனவே வரவேற்றிருப்பார், அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

எழுதத் தொடங்குவதற்கு முன் அறிவிக்கும் நாளைத் தீர்மானியுங்கள். ஆதரவாளருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் வந்து பார்க்க முடியும். முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலி டெஸ்டுக்கு முன்பே அதுதான் தன் கடைசி டெஸ்ட் என்று சொல்லிவிட்டார். 800 விக்கெட்டுக்கு அப்போது 8 விக்கெட் குறைவாக இருந்தது. சனம் அதைத் தெரிந்துகொண்டே மைதானத்துக்குப் போனது, கடைசி நாளில் 800வது விக்கெட் விழுந்தபோது என்ன நடக்கிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. மகேந்திர சிங் தோனி 2020 ஓகஸ்ட் 15 அன்று இன்ஸ்டகிராமில் இரண்டொரு வரியில் ஓய்வை அறிவித்தார். அவர் கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 உலகக் கிண்ண அரையிறுதி. அதுதான் கடைசி என்று தெரியாமலே எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். எந்த வழி சரி என்பது அவரவர் விருப்பம். ஆனால் 18 வருடம் ஒரே ஊர்ச்சனத்துக்கு முன்னால் விளையாடியவருக்கு முதல் வழிதான் பொருந்தும்.

உங்கள் நிலையில் ஒரு சிக்கல் உண்டு. இது விலகல் முறைச் சுற்றுப்போட்டி என்றால், எது கடைசி ஆட்டம் என்று முன்பே சொல்ல முடியாது. "இறுதியாட்டத்தோடு ஓய்வு" என்று அறிவித்துவிட்டுக் காலிறுதியில் தோற்றால், விடைபெறாமலே எல்லாம் முடிந்துவிடும். அதனால் "இந்தச் சுற்றுப்போட்டியோடு" என்று அறிவியுங்கள். முதல் ஆட்டத்துக்கு ஒரு கிழமை முன்னர் போதும். அதற்கு முதல் நாளே பயிற்றுநருக்கும் கழகத் தலைவருக்கும் அணித் தலைவருக்கும் அண்ணா நேரில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த மனத்தாங்கல் சுற்றுப்போட்டி முடியும் வரைக்கும் உடைமாற்றும் அறையில் இருக்கும்.

முதல் ஆட்டத்திலிருந்தே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பேச்சு கையில் இருக்கட்டும். அதை வென்ற நாளுக்கும் தோற்ற நாளுக்குமாக இரண்டு அளவில் தயார் செய்யுங்கள். வென்றால் நாலு நிமிடம். தோற்றால் இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தோற்ற சனம் வீட்டுக்குப் போகத்தான் பார்க்கும். இளம் பெடியள் தலை குனிந்து நிற்கும்போது ஒருவர் தன் 18 வருடக் கதையை நீட்டினால், அது அவர்களுடைய தோல்வியை மறைத்துக்கொண்டு நிற்பதுபோல் ஆகிவிடும்.

நீளத்தைச் சொற்களில் கணக்குப் பாருங்கள். திறந்த மைதானத்தில் ஒலிபெருக்கியில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் போகும். நாலு நிமிடத்துக்கு ஏறக்குறைய 340 சொல். மைதானத்தின் இரண்டு அந்தத்திலும் குழாய் கட்டியிருந்தால் இன்னும் ஆறுதலாகப் பேச வேண்டும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், 100 மீற்றருக்கு அப்பால் உள்ள குழாயின் சத்தம் செக்கனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிந்தித்தான் வந்து சேரும். வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் மேல் மற்றச் சொல் விழுந்து ஒன்றும் விளங்காது. வசனங்களைச் சின்னதாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு விடச் சொல்லுங்கள்.

இனி உள்ளடக்கம். விடைபெறும் பேச்சுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது, விளையாட்டுக்காரர் தன் கணக்கை வாசிப்பதால். எத்தனை ஆட்டம், எத்தனை கிண்ணம், எத்தனை தண்டனை உதை பிடித்தது என்பதெல்லாம் அறிவிப்பாளர் சொல்ல வேண்டியவை. அவற்றைத் தனிக் கடதாசியில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அண்ணாவின் வாயிலிருந்து வரவேண்டியது, ஆதரவாளர்கள் என்ன செய்தார்கள் என்பது. "உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி" என்ற வரியை எந்த ஊரில் எந்த விளையாட்டுக்காரரும் சொல்லலாம், அதனால் அது யாரையும் தொடாது. அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால், செய்தவர் அந்தக் கூட்டத்திலேயே நிமிர்ந்து பார்ப்பார்.

இதில் கோல் காப்பாளருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. முன்கள வீரருக்கு ஆதரவாளர் என்றால் தூரத்துச் சத்தம். கோல் காப்பாளருக்கோ அவர்கள் முதுகுக்குப் பின்னால், வலைக்கு ஒரு பாகம் தள்ளி நிற்கிறார்கள். யார் கத்துகிறார், யார் ஏசுகிறார், யார் கச்சான் கொறிக்கிறார் என்பதெல்லாம் காதில் விழும். இடைவேளைக்குப் பிறகு அவர் பக்கம் மாறும்போது சின்னப் பெடியளும் மற்றக் கோலுக்குப் பின்னால் ஓடி வருவார்கள். பேச்சை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்கு எழுத வராததற்குக் காரணம் பெரும்பாலும் அண்ணாவிடம் கேட்காமல் எழுதுவதாகத்தான் இருக்கும். ஒரு பின்னேரம் அவரை இருத்தி, போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். கோலுக்குப் பின்னால் வழக்கமாக நின்றவர் ஆர், என்ன சொல்லிக் கத்துவார்? நீ விட்ட மோசமான கோல் எது, அன்றைக்கு அவர்கள் என்ன செய்தார்கள்? போரால் இடம்பெயர்ந்து 2010 இல் திரும்பி வந்தபோது மைதானம் எப்படிக் கிடந்தது, ஆர் துப்புரவாக்கினது? உனக்குப் பிறகு கோலில் நிற்கப்போறவனுக்கு என்ன பயம்? அரை மணித்தியாலப் பதிவில் பேச்சுக்குத் தேவையானது எல்லாம் வந்துவிடும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "விளையாடினேன்" என்று திருத்தப் போகாதீர்கள், அவர் "விளையாடினனான்" என்றால் அப்படியே இருக்கட்டும்.

கீழே ஒரு மாதிரி. இதிலுள்ள கயிறு, தண்ணீர்ப் போத்தல் போன்றவை இடம் காட்ட வைத்தவை. அந்தந்த இடத்தில் உண்மையாக நடந்ததை வையுங்கள்.

"கோலுக்குப் பின்னால நிக்கிற ஆக்களோடதான் முதல் கதைக்கிறன்.

மற்ற விளையாட்டுக்காரர் உங்களைத் தூரத்தில கண்டிருப்பினம். நான் உங்களை முதுகால கேட்டனான். கோணர் கிக் வரேக்க 'அண்ணை, ரெண்டாவது கம்பத்தைப் பார்' எண்டு கத்தினது நீங்கள். இடைவேளைக்குப் பிறகு நான் மற்றப் பக்கம் போக, சைக்கிளை உருட்டிக்கொண்டு நீங்களும் மற்றப் பக்கம் வந்தனீங்கள். எனக்குப் பின்னால வெறும் வலை மட்டும் இருந்த ஒரு ஆட்டம் எனக்கு ஞாபகம் இல்லை.

2008 இல நாங்கள் எல்லாரும் இந்த ஊரை விட்டுப் போனம். 2010 இல திரும்பி வரேக்க கோல் கம்பமும் இல்லை, எங்களோட நிண்ட சில பேரும் இல்லை. மிதிவெடி எடுத்து முடிஞ்ச பிறகு, பத்தையை வெட்டி, ரெண்டு தடியை நட்டு, குறுக்கால கயிறு கட்டித் தந்தது நீங்கள். அந்தக் கயிறுக்குக் கீழதான் நான் திரும்ப நிண்டனான்.

ஒரு அரையிறுதி, என்ர கையால நழுவின பந்தாலதான் தோத்தம். அண்டைக்குப் பின்னால ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. ஆரோ ஒரு பெடியன் வலைக்குள்ளால தண்ணிப் போத்தலை நீட்டினவன். அந்தத் தண்ணியை நான் இன்னும் மறக்கேல்லை.

இண்டையோட இந்தக் கழகத்துக்கும் லீக்குக்கும் நான் கோல் காக்கிறது முடியுது. முழங்கால் விடுகுதில்லை. இந்தக் கையுறை இனி எனக்குப் பிறகு கோலில நிக்கப்போற தம்பிக்கு. முதல் வருசம் அவன் பிழை விடுவான். அவனுக்குப் பின்னாலயும் நில்லுங்கோ, அந்தப் போத்தலை அவனுக்கும் நீட்டுங்கோ.

அடுத்த ஆட்டத்துக்கு நானும் வருவன். வலைக்கு உங்கட பக்கம் நிப்பன்."

இது தோற்ற நாளுக்குரிய இரண்டு நிமிட அளவு. வென்றால் இதற்குள் இன்னும் ஒரு சம்பவமும், பயிற்றுநருக்கும் வீட்டாருக்கும் தனித்தனியாக இரண்டு மூன்று வசனமும் சேரும். அதற்குப் பிறகும் நாலு நிமிடத்தை எட்டாவிட்டால் நிரப்ப வேண்டாம்.

மாதிரியில் ஓய்வு அறிவிப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். "இந்தக் கழகத்துக்கும் லீக்குக்கும்" என்று எல்லை சொல்லியிருக்கிறது. நாளைக்கு அவர் மூத்தோர் ஆட்டத்திலோ, ஊர்த் திருவிழாவை ஒட்டின எழுவர் ஆட்டத்திலோ நின்றால் யாரும் பிழை சொல்ல முடியாது. "கழகம் கேட்டால் திரும்பவும் வருவேன்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள், சேர்க்காதீர்கள். அடுத்த கோல் காப்பாளர் முதல் பிழை விட்ட அன்றைக்கே கூட்டம் அண்ணாவின் பெயரைக் கூப்பிடும். அந்தப் பெடியனுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

பெயர்கள் விடயத்தில் கவனம் வேண்டும். 2013 நவம்பர் 16 அன்று சச்சின் தெண்டுல்கர் வான்கடே மைதானத்தில் விடைபெற்றபோது, யாரையும் மறந்துவிடக்கூடாது என்று பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்து வந்ததாகச் சொல்லித்தான் பேசினார். தந்தையிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக நன்றி சொல்லி, ரசிகர்களைக் கடைசியில் வைத்தார். அவருக்கு அது பொருந்தியது. உங்கள் ஊரில் 30 பெயர் வாசித்தால் 31வது ஆள் பக்கத்திலேயே நிற்பார். அடுத்த நாள் சந்தையில் முகம் கொடுக்க முடியாது. அதனால் மேடையில் பெயரோடு சொல்வது இரண்டு மூன்று பேரை மட்டும்: முதலில் கோலில் நிறுத்திய பயிற்றுநர், வீட்டார், வேண்டுமானால் வழக்கமாக வரும் மிக மூத்த ஆதரவாளர் ஒருவர். மற்ற எல்லோரையும் அவர்கள் செய்த காரியத்தால் குறிப்பிடுங்கள். "லாண்ட்மாஸ்டர் பெட்டியில எங்களை முல்லைத்தீவு வரைக்கும் ஏத்திக்கொண்டு போன ஆக்கள்" என்றால் அந்த ஆட்களுக்குத் தெரியும், விடுபட்டவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.

இறந்தவர்கள் விடயம் வேறு. போரில் போன விளையாட்டுக்காரரையும் ஆதரவாளரையும் நினைக்காமல் வன்னியில் 2006 இலிருந்து தொடங்கும் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் அதை நீட்டவும் கூடாது. கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் தாய்மார் இருப்பார்கள். மாதிரியில் உள்ளதுபோல ஒரு வசனம் போதும். பெயர் சொல்ல விரும்பினால் அந்த வீட்டுக்குப் போய் முன்பே கேளுங்கள். சிலர் சொல்லச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோருக்குமான அகவணக்கத்தை ஆட்டம் தொடங்க முன் வைப்பது நல்லது, ஆட்டம் முடிந்த ஆரவாரத்துக்குள் அமைதி வராது.

குறைகளையும் விட்டுவிடுங்கள். தெரிவில் நடந்த அநியாயம், மத்தியஸ்தரின் பழைய தீர்ப்பு, மாவட்ட அணியில் எடுக்காதது எல்லாம் அண்ணாவின் மனதில் இருக்கும், ஒலிப்பதிவிலும் வரும். அவை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அவற்றில் ஒரு வசனம் மேடையில் வந்தாலும் அடுத்த நாள் ஊர் கதைப்பது அதை மட்டும்தான். கழகக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதை அங்கே சொல்லட்டும்.

மைதானத்தில் நடக்கும் விடைபெறலுக்கு விதிகளையும் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவரை மாற்றி, கைதட்டலோடு வெளியே நடக்கவிட எல்லோரும் ஆசைப்படுவார்கள். 2019 இல் மாற்றப்பட்ட உதைபந்தாட்ட விதிப்படி, மாற்றப்படும் வீரர் தனக்கு மிக அருகில் உள்ள எல்லைக் கோட்டால் வெளியேற வேண்டும். கோல் காப்பாளருக்கு அது கோல் கோடு, அதாவது யாருக்கும் தெரியாமல் வலைக்குப் பக்கத்தால் போய்விடுவார். நடுக்கோடு வரை நடந்து வர மத்தியஸ்தரின் அனுமதி வேண்டும். ஆட்டத்துக்கு முன்பே பயிற்றுநர் அவரோடும் எதிரணியோடும் கதைத்து வைக்கட்டும். புள்ளி சமமாக இருந்தால் மாற்றவே வேண்டாம். வெளியேறியவர் தண்டனை உதைகளுக்குத் திரும்பி வர முடியாது, 18 வருட அனுபவம் கதிரையில் இருக்கப் புதிய பெடியன் கோலில் நிற்க வேண்டிவரும். ஜேர்சிக்குக் கீழே "நன்றி" என்று அச்சடித்த பெனியன் போடுவதும் வழக்கமாகிவிட்டது. தனிப்பட்ட வாசகங்களை உள்ளாடையில் காட்டுவதையும் விதி தடுக்கிறது. கடைசி விசில் ஊதிய பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

பேஸ்புக் கடிதத்துக்கு வருவோம். மேடையில் பேசியதை அப்படியே தட்டிப் போடாதீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிறயன்ட் 2015 நவம்பரில் தன் ஓய்வை அறிவித்த இரவு, இணையத்தில் வந்தது ஒன்று, அன்று அரங்குக்கு வந்திருந்த ரசிகர்களின் கையில் கிடைத்த கடிதம் வேறொன்று. இரண்டு கூட்டத்துக்கும் அவரோடு இருந்த உறவு வேறு என்பதை அது காட்டியது. உங்களுக்கும் அப்படித்தான். மைதானத்தில் நிற்பவர் ஆட்டத்தைப் பார்த்தவர். கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் இருப்பவர் பெரும்பாலும் போன் திரையில், அறுந்தறுந்து வரும் நேரலையில் பார்த்தவர். கடிதத்தில் அதைச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்து விடிய எழும்பிப் பார்த்தது, "லைன் போட்டுது, ஆர் வெண்டது?" என்று வைபரில் கேட்டது, இவைதான் அவர்களுடைய ஆதரவு.

பணம் அனுப்பியவர்களைப் பற்றி எழுதும்போது தொகையை எழுதாதீர்கள். ஆயிரம் ரூபாய்க்குச் சமமாக அனுப்பியவரும் சப்பாத்து முழு அணிக்கும் வாங்கித் தந்தவரும் ஒரே பதிவை வாசிப்பார்கள். வாங்கிய பொருளைச் சொல்லுங்கள்: வலை, பந்து, சீருடை, கோல் கம்பம். பெயர் போடுவதானால் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள், தன் பெயர் பணத்தோடு சேர்ந்து பகிரங்கமாக வருவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள்.

பதிவில் முதல் இரண்டு மூன்று வரிதான் திரையில் தெரியும், மிச்சம் அழுத்தினால்தான் விரியும். ஆகவே ஓய்வு என்ற செய்தியும் யாருக்கு எழுதுகிறார் என்பதும் அந்த வரிகளுக்குள் வரட்டும். படம் ஒன்று போதும். கிண்ணத்தோடு நிற்கும் படத்தைவிட, கோலில் அவரும் பின்னால் சனமும் தெரியும் படத்தைத் தேடுங்கள். கடைசி ஆட்டத்தன்று இரவு 8 மணிக்குப் போட்டால் கோடை காலத்தில் இலண்டனில் பின்னேரம் 3.30, சுவிசில் 4.30, ரொறன்ரோவில் காலை 10.30. மூன்று இடத்துச் சனமும் விழித்திருக்கும் நேரம் அது. குளிர்காலம் என்றால் அங்கெல்லாம் ஒரு மணித்தியாலம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அறிவிப்பாளரிடம் கொடுத்து வையுங்கள், மற்றது உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்து வரும் அண்ணாவின் கை வியர்வையில் ஊறியிருக்கும், கையுறையோடு தாளைப் புரட்டவும் முடியாது. முதலில் கையுறையைக் கழற்றி அடுத்துக் கோலில் நிற்கப்போகும் பெடியனிடம் பிடிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள், கை துடைக்கத் துவாய் ஒன்று நீட்டுங்கள், பிறகு தாளைக் கொடுங்கள். கையுறையைப் பற்றிய வசனம் வரும்போது அது ஏற்கெனவே பெடியனின் கையில் இருக்கும். குரல் அடைத்து நின்றுவிட்டால் மைக்கை யாரும் வாங்க வேண்டாம். பத்துச் செக்கன் பொறுங்கள், அதற்குள் பெரும்பாலும் கைதட்டல் வந்து அவரைத் தூக்கிவிடும். அதற்குப் பிறகும் முடியாவிட்டால் கடைசி இரண்டு வரியை நீங்களே வாசித்து முடியுங்கள்.